கரிசல் மண்ணில் வீடு கட்டும் முன்: லிக்விட் லிமிட், பிளாஸ்டிக் லிமிட் சோதனை – முழுமையான வழிகாட்டி

மே மாத வெயில். கோவில்பட்டி பக்கத்து ஊர் ஒன்றில் மாடியில்லா வீட்டுக்கு அஸ்திவாரக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தடி ஆழத்தில் நின்ற கொத்தனார் கடப்பாறையை ஓங்கிக் குத்திக் காட்டினார். அரை அங்குலம்கூட இறங்கவில்லை. "பாறை மாதிரி இருக்கு சார். இதுக்கு மேல என்ன உறுதி வேணும்?" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அன்றைக்கு அந்த மண் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் கரிசல் மண்ணின் மே மாத உறுதி, நவம்பர் வரை தாங்காது. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் அது தண்ணீர் குடித்து ஊதும். மறு கோடையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். நான்கைந்து வருடத்தில் ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் ஓடும். அந்தத் தெருவில் இரண்டு வீடுகளில் ஏற்கெனவே அது இருந்தது.

ஒரு மண் எவ்வளவு தண்ணீர் குடிக்கும், குடித்தால் எப்படி மாறும் என்பதைக் கையில் தொட்டுச் சொல்ல முடியாது. அதற்குத்தான் லிக்விட் லிமிட், பிளாஸ்டிக் லிமிட் என்ற இரண்டு எண்கள். பாடப்புத்தகத் தமிழில் நீர்ம எல்லை, நெகிழ்வு எல்லை. சோதனைக் கூடத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் நானும் வழக்கப்படியே எழுதுகிறேன்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு மண்ணை, அந்தக் கோவில்பட்டிக் குழியில் 1.5 மீட்டர் ஆழத்தில் எடுத்த கரிசலை, முதலிலிருந்து கடைசி வரை சோதிக்கப் போகிறோம். ஏனென்றால் அதை எங்கள் கூடத்தில் இரண்டு முறை சோதித்தோம். முதல் முறை தப்பான விடை வந்தது. அந்தத் தப்பு எப்படி வந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

## இரண்டு எல்லைகள் என்றால் என்ன

காய்ந்த களிமண் கட்டியை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். முதலில் உதிரும். பிறகு ஒரு கட்டத்தில் சப்பாத்தி மாவு போல, நினைத்த வடிவத்துக்கு வளையும். இன்னும் தண்ணீர் விட்டால் தோசை மாவு போலத் தானாக ஓடத் தொடங்கும்.

உதிர்வதிலிருந்து வளைவதற்கு மாறும் இடத்தில் மண்ணில் உள்ள தண்ணீரின் அளவு பிளாஸ்டிக் லிமிட். வளைவதிலிருந்து ஓடுவதற்கு மாறும் இடத்தில் உள்ள அளவு லிக்விட் லிமிட். இரண்டையும் காய்ந்த மண்ணின் எடையில் எத்தனை சதவீதம் தண்ணீர் என்று சொல்வது வழக்கம். அதனால் 100-க்கு மேலும் போகலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இந்த எல்லைகளை முதலில் வகுத்தவர் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பெர்க், 1911-இல். அவர் யோசித்தது விவசாய மண்ணைப் பற்றி. கட்டுமானத்துக்கு ஏற்றபடி அதற்கு ஒரு கருவியைச் செய்து 1932-இல் வெளியிட்டவர் ஆர்தர் கசாகிராண்ட். நம் கூடங்களில் இன்றும் கைப்பிடி சுற்றி டக் டக் என்று தட்டும் பித்தளைக் கிண்ணம் அவருடையதுதான். இந்தியாவில் இந்தச் சோதனைக்கான விதி ஐ.எஸ். 2720, பகுதி 5. கீழே சொல்லும் அளவுகள் அதையொட்டியவை.

இரண்டு எல்லைகளுக்கும் இடையிலுள்ள தூரம் பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ், சுருக்கமாக பி.ஐ.:

```
PI = LL − PL
```

அஸ்திவாரத்துக்கு மிகவும் வேண்டியது இந்த மூன்றாவது எண். தூரம் அதிகமானால், மண் அவ்வளவு தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொண்டும் களிமண்ணாகவே நிற்கும். அப்படி இழுக்கும் மண்தான் ஊதும்.

## மண்ணைத் தயார் செய்வது: பாதித் தப்பு இங்கேதான்

குழியிலிருந்து இரண்டு பங்காக மண் எடுங்கள். ஒரு பங்கு, இரண்டு கிலோ போல, எல்லைகளைக் கண்டுபிடிக்க. இன்னொரு பங்கு, ஒரு கைப்பிடி, வெட்டிய உடனே பாலிதீன் பையில் போட்டு இறுக்கக் கட்ட வேண்டியது. மண் இயற்கையாக வைத்திருக்கும் ஈரத்தை இதில்தான் அளப்போம். கோடை வெயிலில் கால் மணி நேரம் திறந்து கிடந்தாலே இந்த எண் கெட்டுவிடும். குழியின் மேலோரத்தில் குவித்த மண்ணிலிருந்து எடுக்காதீர்கள். எந்த ஆழத்தில் அஸ்திவாரம் நிற்கப் போகிறதோ அந்த ஆழத்தில், புதிதாகச் சுரண்டி எடுங்கள்.

பெரிய பங்கை நிழலில் பரப்பிக் காற்றில் உலர விடுங்கள். ஓவனில் போடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. 105 டிகிரியில் காய்ந்த களிமண்ணில் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பிறகு தண்ணீர் விட்டாலும் பழையபடி முழுசாகப் பிரியாது. லிக்விட் லிமிட் குறைவாக வரும். மக்கிய தழை கலந்த மண்ணில் இந்த வீழ்ச்சி இன்னும் பெரிது.

உலர்ந்த கட்டிகளை உடைக்க மர உலக்கை அல்லது ரப்பர் முனை வைத்த குழவி. இரும்புச் சுத்தியல் ஆகாது. கரிசலில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. அதற்குள் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் கிடக்கும். சுத்தியலால் அடித்தால் அதுவும் தூளாகி மண்ணோடு சல்லடையில் இறங்கும். சுண்ணாம்புத் தூள் தண்ணீரைப் பிடித்து வைக்காது. அது கலந்த அளவுக்குக் களிமண்ணின் குணம் மட்டுப்பட்டதாகத் தெரியும். சுக்கானை முழுசாக விட்டுவிட்டு, சுற்றியுள்ள மண்ணை மட்டும் உதிர்த்தெடுக்க வேண்டும்.

பிறகு 425 மைக்ரான் சல்லடை. அதில் இறங்கிய மண்தான் இரண்டு சோதனைக்கும். மொத்த மண்ணில் எத்தனை சதவீதம் இறங்கியது என்பதையும் குறித்து வையுங்கள், கடைசியில் வேண்டும்.

இறங்கியதிலிருந்து 120 கிராம் எடுத்து, கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, டிஸ்டில்டு வாட்டர் விட்டு ஸ்பாட்டுலாவால் பிசைய வேண்டும். குழாய்த் தண்ணீர், அதிலும் நம் பக்கத்துப் போர்வெல் உப்புத் தண்ணீர், கூடாது. கரிசலில் இருக்கும் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் உப்பைக் கண்டால் தன்னைச் சுருக்கிக்கொள்ளும். நல்ல தண்ணீரில் குடிக்கும் அளவுக்கு உப்புத் தண்ணீரைக் குடிக்காது. மழைநீர் உப்பில்லாதது என்பதை நினைவில் வைத்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும்.

கெட்டியான களிம்பாகப் பிசைந்த பின் ஈரத்துணியோ மூடியோ போட்டு 24 மணி நேரம் ஊற விடுங்கள். இட்லிக்கு ஊறாத உளுந்தை ஆட்டினால் மாவு காணாது. அதே கதைதான் இங்கேயும். துகளின் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புக நேரம் பிடிக்கும். மணல் கலந்த மண்ணுக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். கரிசலுக்குக் கட்டாயம் வேண்டும்.

## லிக்விட் லிமிட்

கருவியைத் தொடும் முன் ஒரு அளவைச் சரிபாருங்கள். கிண்ணம் அடித்தட்டின் மேல் விழும் உயரம் சரியாக 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். களிம்பின் நடுவே காடி, அதாவது நீளப் பள்ளம், கீறும் கருவியின் பிடியிலேயே இந்த அளவுக் கட்டை இருக்கும். கைப்பிடியைச் சுற்றிக் கிண்ணத்தை உச்சிக்குத் தூக்கி, அடித்தட்டில் அது வந்து மோதும் புள்ளிக்கு நேராக அந்தக் கட்டையைச் செருகிப் பார்க்க வேண்டும். கிண்ணத்தின் அடியில் பளபளவென்று தேய்ந்த ஒரு சின்ன வட்டம் தெரியும், அதுதான் மோதும் புள்ளி. உயரம் 11 மி.மீ. ஆகியிருந்தால் ஒவ்வொரு தட்டும் பலமாக விழும், காடி சீக்கிரம் மூடிக்கொள்ளும், விடை குறையும். பல நாள் உபயோகத்தில் திருகு தளர்ந்து உயரம் மாறுவது சாதாரணம். நான் ஒவ்வொரு நாள் காலையிலும் பார்ப்பேன்.

ஊறிய களிம்பை மறுபடி நன்றாகப் பிசைந்து, கிண்ணத்தில் மோதும் புள்ளிக்கு மேலே வைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்தி, ஆழமான இடத்தில் 1 செ.மீ. இருக்கும்படி மட்டமாகச் சீவுங்கள். பிறகு காடி கீறும் கருவியைக் கிண்ணத்துக்குச் செங்குத்தாகப் பிடித்து, நடுவில் ஒரே இழுப்பில் காடி கீறுங்கள். அடியில் 2 மி.மீ. அகலம், மேலே 11 மி.மீ., ஆழம் 8 மி.மீ. காடியின் ஓரம் பிய்ந்தால் களிம்பை வழித்தெடுத்து மறுபடி தொடங்குங்கள்.

இனி கைப்பிடியை நொடிக்கு இரண்டு சுற்று என்ற வேகத்தில் சுற்ற வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு பக்கத்து மண்ணும் அடியில் நெருங்கி வரும். அடியில் 12 மி.மீ. நீளத்துக்கு ஒட்டிக்கொண்டதும் நிறுத்தி, தட்டுகளின் எண்ணிக்கையை எழுதுங்கள்.

இங்கே கண்ணால் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மண் ஓடி வந்து ஒட்டியதா, இல்லை கிண்ணத்தின் மேல் முழுப் பாளமாக வழுக்கி வந்து ஒட்டியதா? ஸ்பாட்டுலா முனையால் ஒட்டிய இடத்தின் பக்கத்தில் மெல்லத் தள்ளிப் பாருங்கள். பாளம் அப்படியே நகர்ந்தால் அது வழுக்கல். அந்த எண்ணிக்கையை விட்டுவிட வேண்டும். கிண்ணத்தில் ஈரம் இருந்தால் இது நடக்கும். ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக் காயவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அதே களிம்பை மறுபடி பிசைந்து திரும்பச் செய்து, அடுத்தடுத்த எண்ணிக்கை ஒன்றிரண்டு தட்டுக்குள் ஒத்துப்போனால்தான் அதை ஏற்க வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் கலவை சீராக இல்லை என்று பொருள். ஏற்றபின், ஒட்டிய இடத்தில் காடிக்குக் குறுக்காக ஒரு வில்லை வெட்டி, டின்னில் போட்டு உடனே எடை பார்த்து, 105 முதல் 110 டிகிரியில் ஒரு நாள் ஓவனில் வையுங்கள். இது ஈரத்தின் அளவை எடுப்பதற்கு. இந்த இடத்தில் ஓவன் சரிதான்.

கெட்டியிலிருந்து தளர்வுக்குப் போங்கள். முதல் முறை 35 தட்டு அளவில் மூடும்படி கெட்டியாக வைத்து, ஒவ்வொரு முறையும் சில சொட்டுத் தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, 15 தட்டு அளவு வரை நான்கு புள்ளிகளாவது எடுங்கள். தண்ணீர் கூடிவிட்டது என்று காய்ந்த மண்ணைத் தூவிக் கெட்டியாக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அந்தத் தூள் 24 மணி நேரம் ஊறாதது. அது மொத்தக் களிம்பையும் கெடுக்கும். பிசைந்துகொண்டே காற்றில் காயவிட்டுக் கெட்டியாக்கலாம்.

எங்கள் கரிசலுக்குக் கிடைத்தது இது. ஒரு டின்னை மட்டும் முழுசாகக் காட்டுகிறேன். தட்டு 29. வெறும் டின் 21.34 கிராம், ஈர மண்ணோடு 37.42, காய்ந்த பின் 30.96. போன தண்ணீர் 6.46 கிராம், காய்ந்த மண் 9.62 கிராம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 67.2 சதவீதம். இதேபோல 38 தட்டுக்கு 65.0, 21 தட்டுக்கு 69.0, 15 தட்டுக்கு 71.6.

இவற்றை செமி-லாக் தாளில் குறியுங்கள். தட்டு எண்ணிக்கை லாக் அச்சில், ஈரம் சாதா அச்சில். நான்கு புள்ளிகளுக்கு நடுவே ஒரு நேர்கோடு வரைந்து, 25 தட்டில் அது சொல்லும் ஈரத்தைப் படியுங்கள். எங்களுக்கு 68. அதுதான் லிக்விட் லிமிட். ஏதாவது ஒரு புள்ளி கோட்டைவிட்டுத் தள்ளி நின்றால் அதை விட்டுவிட்டுக் கோடு போடாதீர்கள், அந்த முறையைத் திரும்பச் செய்யுங்கள்.

## பிளாஸ்டிக் லிமிட்

இதற்குக் கருவி இல்லை. கையும் கண்ணாடித் தகடும்தான். அதனாலேயே ஆளுக்கு ஆள் விடை மாறும்.

20 கிராம் மண்ணை உருட்டும் பதத்துக்குப் பிசைந்து, அதையும் ஊறவிட்டு, 8 கிராம் போல ஒரு உருண்டை எடுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் விரல்களால் முன்னும் பின்னும் உருட்டித் திரியாக்குங்கள். நிமிடத்துக்கு 80 முதல் 90 முறை, அழுத்தம் சீராக. திரியின் தடிமன் 3 மி.மீ. ஆனதும் நிறுத்திப் பாருங்கள். ஒப்பிடப் பக்கத்தில் 3 மி.மீ. கம்பி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

3 மி.மீ. ஆகியும் திரி உடையாமல் முழுசாக இருந்தால் தண்ணீர் இன்னும் அதிகம். திரியைச் சுருட்டி, கையில் பிசைந்து, மறுபடி உருட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஈரம் போகும். எந்தச் சுற்றில் சரியாக 3 மி.மீ.-இல் திரி நொறுங்குகிறதோ அந்தத் துண்டுகளைச் சேர்த்து டின்னில் போட்டு ஈரத்தை அளக்க வேண்டும்.

கரிசலில் இந்த வேலை பொறுமையைச் சோதிக்கும். நல்ல கரிசல் பத்துப் பன்னிரண்டு முறை சுருட்டி உருட்டினாலும் நொறுங்காது. கடைசிக் கட்டத்தில் அது ரப்பர் போல இறுகி, அழுத்தினால்தான் நீளும். நொறுங்கும்போதும் புட்டு போல உதிராது. பீப்பாய் வடிவத்தில் சின்னச் சின்னத் துண்டாக முறியும். புதியவர்கள் இரண்டு வகையில் ஏமாறுகிறார்கள். ஒன்று, மின்விசிறிக்குக் கீழே உருட்டுவது. திரியின் மேல்தோல் மட்டும் காய்ந்து கீறல் விடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். தோலில் கீறல் வந்ததும் "நொறுங்கிவிட்டது" என்று நிறுத்திவிடுவார்கள். இன்னொன்று, 5 மி.மீ.-இல் அழுத்தம் கூடி முறிந்ததை ஏற்பது. இரண்டிலும் பிளாஸ்டிக் லிமிட் உண்மையைவிடக் கூடுதலாக வரும்.

மூன்று உருண்டைகளில் தனித்தனியாகச் செய்யுங்கள். எங்களுக்கு 26.8, 27.3, 27.1. சராசரி 27. ஆக, பி.ஐ. = 68 − 27 = 41.

## முதல் முறை வந்த தப்பான விடை

இனி அந்த முதல் சோதனைக்கு வருகிறேன். அதைச் செய்தது சேர்ந்து ஒரு மாதமான ஒரு தம்பி. அவர் தந்த எண்கள்: லிக்விட் லிமிட் 52, பிளாஸ்டிக் லிமிட் 31, பி.ஐ. 21. கோடு அழகாக விழுந்திருந்தது, கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பி.ஐ. 21 என்றால் நடுத்தர மண்தான், சாதாரண அஸ்திவாரத்தைக் கொஞ்சம் ஆழமாகப் போட்டால் போதும் என்று யாருக்கும் தோன்றும்.

சந்தேகம் வந்தது ஏ-லைனில் வைத்துப் பார்த்தபோது. களிமண்ணையும் வண்டலையும் பிரிக்க கசாகிராண்ட் வகுத்த கோடு இது:

```
PI = 0.73 × (LL − 20)
```

லிக்விட் லிமிட் 52-க்கு ஏ-லைன் 23.4. வந்த பி.ஐ. 21, கோட்டுக்குக் கீழே. கீழே விழுவது வண்டல் மண், அல்லது மக்கு கலந்த மண். கரிசல் பெரும்பாலும் கோட்டுக்கு மேலே நிற்கும் களிமண். ஒரு கரிசல் கோட்டுக்குக் கீழே வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மண்ணை அல்ல, சோதனையை.

தம்பியைக் கூப்பிட்டு ஒவ்வொரு படியாகக் கேட்டேன். அவசரத்துக்கு மண்ணை ஓவனில் காயவைத்திருக்கிறார். டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்ததால் குழாய்த் தண்ணீர். ஊறவிட்டது அரை மணி நேரம். திரியை மின்விசிறிக்குக் கீழே உருட்டியிருக்கிறார். முதல் மூன்றும் லிக்விட் லிமிட்டைக் கீழே இழுத்தன, கடைசியானது பிளாஸ்டிக் லிமிட்டை மேலே தள்ளியது. மண் கொஞ்சம் மீதி இருந்தது. முறைப்படி திரும்பச் செய்தபோது வந்ததுதான் மேலே சொன்ன 68, 27.

இந்தக் கட்டுரையில் வந்த தப்புகளை வரிசையாக எண்ணிப் பாருங்கள். ஓவன், சுத்தியல், உப்புத் தண்ணீர், ஊறாத மண், கூடுதல் உயரம், சீக்கிரம் நிறுத்திய திரி. அத்தனையும் பி.ஐ.-யைக் குறைத்தே காட்டுகின்றன. அசிரத்தையாகச் செய்த சோதனை கரிசலைச் சாதுவாகக் காட்டும், முரடாகக் காட்டாது. அதனால்தான் கரிசல் நிலத்திலிருந்து வரும் ரிப்போர்ட்டில் பி.ஐ. குறைவாக இருந்தால் நான் சந்தோஷப்படுவதில்லை, மண் எத்தனை மணி நேரம் ஊறியது என்று கேட்கிறேன்.

## எண்களை வைத்து மண்ணைப் படிப்பது

68-க்கு ஏ-லைன் 35. நமது பி.ஐ. 41, கோட்டுக்கு மேலே. லிக்விட் லிமிட் 50-ஐத் தாண்டியதால் இது சி.எச்., அதாவது அதிக நெகிழ்வுள்ள களிமண். மண் வகைப்பாட்டுக்கான ஐ.எஸ். 1498-இல் ஊதும் தன்மைக்கு ஒரு அட்டவணை உண்டு. லிக்விட் லிமிட் 50 முதல் 70 வரை அதிகம், 70-க்கு மேல் மிக அதிகம். பி.ஐ. 23 முதல் 32 வரை அதிகம், 32-க்கு மேல் மிக அதிகம். நம் மண் ஒன்றில் "அதிகம்", மற்றதில் "மிக அதிகம்". இப்படி இரண்டு சொன்னால் மோசமானதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பாலிதீன் பையில் கட்டிவைத்த கைப்பிடி மண். அதன் இயற்கை ஈரம் 19 சதவீதம். இதை இரண்டு எல்லைகளோடு ஒப்பிடுவது லிக்விடிட்டி இண்டெக்ஸ்:

```
LI = (w − PL) / PI = (19 − 27) / 41 = −0.2
```

பூஜ்யம் என்றால் மண் பிளாஸ்டிக் லிமிட்டில் நிற்கிறது, ஒன்று என்றால் லிக்விட் லிமிட்டில். மைனஸ் வந்தால் உதிரும் அளவுக்குக் காய்ந்திருக்கிறது. கொத்தனாரின் கடப்பாறை இறங்காததன் காரணம் இந்த மைனஸ்தான். ஆனால் அதே எண் இன்னொன்றையும் சொல்கிறது. இந்த மண் தாகத்தோடு காத்திருக்கிறது. பி.ஐ. 41, ஈரம் பிளாஸ்டிக் லிமிட்டுக்கும் கீழே என்றால், முதல் மழையில் அது தண்ணீரை இழுத்து மேலே எழும். மாடியில்லா வீட்டின் எடை அதை அழுத்திப் பிடிக்கப் போதாது.

எல்லைகள் இதேபோல இருந்து, இயற்கை ஈரம் மட்டும் 66 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது லிக்விடிட்டி இண்டெக்ஸ் 0.95. கடலோரச் சதுப்புகளில் இப்படிப்பட்ட களிமண்ணைப் பார்க்கலாம். அங்கே கவலை வேறு. குடிப்பதற்கு மண்ணில் இடம் இல்லை, ஊதாது. பாரம் ஏற்றினால் தண்ணீர் மெல்லப் பிழிந்து வெளியேறி, கட்டடம் வருடக்கணக்கில் அமுங்கும். ஆகவே எல்லைகளை மட்டும் எழுதி, இயற்கை ஈரத்தை எழுதாத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான்.

## இந்த எண்கள் சொல்லாதவை

லிக்விட் லிமிட், பிளாஸ்டிக் லிமிட்டிலிருந்து மண்ணின் தாங்கு திறன் வராது. சதுர மீட்டருக்கு எத்தனை டன் என்று இதிலிருந்து எழுதித் தருபவரை நம்பாதீர்கள். நாம் சோதித்தது உடைத்து, சலித்து, பிசைந்த மண். தரைக்குள் இருப்பது உடையாத மண், அதன் வெடிப்புகளோடும் அடுக்குகளோடும்.

425 மைக்ரானில் இறங்காத பங்கும் கணக்கில் வர வேண்டும். எங்கள் மண்ணில் 92 சதவீதம் இறங்கியது, அதனால் 41 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டோம். பாதிதான் இறங்கியது, மீதி சரளையும் சுக்கானும் என்றால் மொத்த மண்ணின் குணம் அந்தப் பி.ஐ. காட்டும் அளவுக்கு மோசமாக இருக்காது.

பி.ஐ. எச்சரித்ததும் அடுத்துச் செய்ய எளிதானது ஃப்ரீ ஸ்வெல் சோதனை. 425 மைக்ரானில் இறங்கிய காய்ந்த மண் 10 கிராம் வீதம் இரண்டு 100 மி.லி. அளவுக் குழாய்களில் போட்டு, ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி 24 மணி நேரம் வையுங்கள். மண்ணெண்ணெயில் களிமண் ஊதாது. எங்களுக்கு அதில் 12 மி.லி., தண்ணீரில் 25 மி.லி. வித்தியாசம் 13-ஐ 12-ஆல் வகுத்தால் 108 சதவீதம். 100-ஐத் தாண்டினாலே ஐ.எஸ். 1498 அதை அதிகம் ஊதும் மண் என்கிறது. இரண்டு குழாய்களையும் அருகருகே வைத்துக் கொத்தனாருக்குக் காட்டினேன். ஒரே மண், ஒரே எடை, ஒன்றின் உயரம் மற்றதைப்போல இரண்டு மடங்கு. கடப்பாறையைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. பெரிய கட்டடம் என்றால் இதோடு நிறுத்தாமல், உடையாத மண்ணில் ஊது அழுத்தத்தையும் அளக்க வேண்டும்.

## அந்த வீட்டுக்கு என்ன செய்தோம்

ஐந்தடியில் கல் கட்டுமான அஸ்திவாரம் என்ற முதல் திட்டத்தைக் கைவிட்டோம். கரிசலில் மழைக்கும் வெயிலுக்கும் ஈரம் ஏறி இறங்குவது ஏறக்குறைய 3.5 மீட்டர் ஆழம் வரை. அஸ்திவாரத்தின் பிடி அதற்குக் கீழே போக வேண்டும். இந்த மாதிரி மண்ணுக்கென்றே உள்ளது அண்டர்-ரீம்டு பைல். கம்பம் போலத் துளைத்து இறங்கி, அடியில் கம்பத்தின் விட்டத்தைப்போல இரண்டரை மடங்குக்குக் குடம் போல விரியும். மேலே மண் ஊதித் தூக்கப் பார்த்தாலும் ஈரம் மாறாத ஆழத்தில் அந்தக் குடம் பிடித்துக்கொள்ளும். அதே குழியில் 4 மீட்டரில் ஒரு மாதிரி எடுத்துச் சோதித்து, அங்கே இயற்கை ஈரம் பிளாஸ்டிக் லிமிட்டையொட்டி 26 இருப்பதைப் பார்த்த பிறகே ஆழத்தை முடிவு செய்தோம்.

பைல்களின் தலையை இணைத்து பீம் ஓடியது. பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விட்டு வார்த்திருந்தோம். மறுநாள் போனபோது, அந்த இடைவெளியைப் பார்த்த கொத்தனார், வேலை முழுமையாகட்டும் என்ற நல்லெண்ணத்தில், ஒரு ஓரத்தில் கரிசலையே அள்ளிப் போட்டுக் கெட்டித்துக்கொண்டிருந்தார். "அதை வெளிய எடுத்திருங்க அண்ணே. மழை வந்தா மண்ணு எந்திரிக்கும், அதுக்கு அந்த இடம் வேணும்" என்றேன். மாலைக்குள் முழுசாகச் சுரண்டி எடுத்துவிட்டு, வெளிப்பக்கம் மண் சரிந்து உள்ளே போகாதபடி செங்கல் நிறுத்தினார்.